இருவர், இரண்டு கடிகாரம், ஊட்டிக்கு மூன்று நாள்

ரயிலில் முன்பதிவு, பயண நாளுக்கு 60 நாள் முன்பு காலை 8 மணிக்குத் திறக்கிறது. மணமாகி முதன்முதலாகச் சேர்ந்து வெளியூர் கிளம்பும் இருவரின் பயணப் பழக்கம் அந்தக் காலையிலேயே தெரிந்துவிடும். ஒருவர் ஏழே முக்காலுக்கே போனும் கையுமாக உட்கார்ந்திருப்பார். மற்றவருக்கு, “இன்னும் ரெண்டு மாசம் இருக்கே” என்று தோன்றும். சென்னையிலிருந்து மேட்டுப்பாளையம் போய், மலை ரயிலில் ஊட்டி ஏறுவது திட்டம் என்றால் இரண்டாமவர் பழக்கம் சிக்கலில் விடும். மலை ரயிலில் இடம் குறைவு. சீசனில் சீக்கிரமே காத்திருப்புப் பட்டியலுக்குப் போய்விடும். இரவு ரயிலில் ஆர்.ஏ.சி. கிடைத்தால் ஒரே பக்கவாட்டுப் படுக்கையை இருவர் பகிர வேண்டும். உட்கார்ந்தபடி தூங்க முடியாதவர் யார் என்பது டிக்கெட் எடுக்கும் முன்பே பேசிக்கொள்ள வேண்டிய விஷயம்.

அடுத்த உரசல் ஸ்டேஷனுக்குக் கிளம்பும் நேரத்தில். நீலகிரி எக்ஸ்பிரஸ் சென்ட்ரலில் இரவு 9 மணிக்கு மேல் புறப்படுகிறது. ஒருவருக்கு எட்டு மணிக்கே பிளாட்பாரத்தில் நிற்க வேண்டும்; மற்றவருக்குப் பத்து நிமிஷம் முன்னால் போனால் போதும். இதில் சரி தப்பு பார்ப்பதில் பயனில்லை. எந்த வீட்டில் எப்படிக் கிளம்பி வளர்ந்தார்கள் என்பதே இதில் பெரும்பாலும் விடை. “சீக்கிரம் போகலாம்” என்று பொதுவாகச் சொல்லாமல், வீட்டுக் கதவைப் பூட்டும் நேரம் இத்தனை மணி என்று முடிவு செய்துகொண்டால் இருவர் கடிகாரமும் ஒன்றாகிவிடும்.

பெரிய வேறுபாடு ஊரில் இறங்கிய பின் வரும்: ஒரு நாளில் எத்தனை இடம்? மலை ரயில் காலை 7 மணிக்கு மேல் மேட்டுப்பாளையத்தில் கிளம்பி, 46 கிலோமீட்டரை ஏற ஏறக்குறைய ஐந்து மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. கல்லாறு முதல் குன்னூர் வரை ஏற்றம் மிகச் செங்குத்து. தண்டவாளத்தின் நடுவே உள்ள பல் கம்பியை எஞ்சினின் பற்சக்கரம் கவ்விக் கவ்வி ஏறும். ஊட்டி சேரும்போது நண்பகல் ஆகிவிடும். முந்தின இரவு ரயில் தூக்கம், பிறகு ஐந்து மணி நேரம் பெஞ்சு. இதற்கு மேல் அன்றே தாவரவியல் பூங்கா, படகு இல்லம், தொட்டபெட்டா மூன்றையும் முடிக்கலாம் என்பது தாளில் மட்டும் சரியாக வரும் கணக்கு. முதல் நாளை அரை நாளாக எண்ணி, பூங்காவோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இரண்டாம் நாள் பைக்காராவும் வேண்டும், குன்னூர் சிம்ஸ் பூங்காவும் வேண்டும் என்று ஒருவர் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் ஊட்டியிலிருந்து 20 கிலோமீட்டர் அளவில்தான், ஆனால் வெவ்வேறு திசையில். அதாவது மலைச்சாலையில் போக வர 80 கிலோமீட்டர், அதில் பாதி நேரம் சீசன் நெரிசலில் ஒரே இடத்தில் நிற்பது. மற்றவருக்கோ போர்வையைப் போர்த்திக்கொண்டு ஜன்னலோரம் டீ குடித்தாலே ஊட்டி வந்த பலன் கிடைத்துவிடும். ஆளுக்கு ‘இது இல்லாமல் திரும்ப மாட்டேன்’ என்று ஒரே ஒரு இடத்தை வீட்டிலேயே சொல்லிவிட்டால் வேலை எளிது. ஒருவர் பைக்காரா என்கிறார். மற்றவர் மதியத் தூக்கம் என்கிறார். காலை 9 மணிக்குக் கிளம்பிப் பைக்காரா பார்த்துவிட்டு, சாப்பாட்டு நேரத்துக்கு அறைக்குத் திரும்பலாம். குன்னூர் மலை ரயிலிலேயே கண்ணில் பட்டுவிட்டது. அதை அடுத்த முறைக்கு விடலாம்.

வளைவுச் சாலையில் குமட்டல் வரும் என்பதைப் பலர் வெட்கப்பட்டுச் சொல்வதில்லை. பேச்சு குறைந்து பதில் ‘ம்’ என்று ஆகிவிட்டால், கோபம் என்று நினைக்கும் முன் வயிற்றைப் பற்றி விசாரிப்பது நல்லது. பாதிப் பயணச் சண்டைகளுக்குக் காரணம் பசிதான். முன் இருக்கை, மிதமான காலைச் சாப்பாடு, தேவைப்பட்டால் மருத்துவர் சொன்ன மாத்திரையைக் கிளம்பும் முன்பே போட்டுக்கொள்வது ஆகியவை உதவும்.

பணத்தில் மறைந்திருக்கும் செலவு உறவுக்காரர்களுடையது. இரு வீட்டுக்கும் வறுக்கி, தேயிலை, சாக்லேட், நீலகிரித் தைலம் என்று பட்டியல் வரும். ஒருவர் வீட்டுக்கு நாலு பொட்டலம், மற்றவர் வீட்டுக்கு இரண்டு என்று ஆகிவிட்டால் அது பயணத்தோடு முடியாது. புறப்படும் முன்பே இருவரும் சம அளவில் பணம் போட்டு ஒரு பொதுப் பர்ஸ் வைத்து, அறை, வண்டி, சாப்பாட்டோடு இதையும் அதிலேயே எடுப்பது வசதி. வாங்குவதைக் கடைசி நாள் காலையில் ஒரு மணி நேரத்துக்குள் முடிக்கலாம்.

மழைக்காலத்தில், குறிப்பாக அக்டோபர் முதல் டிசம்பர் வரை, பாதையில் மண் சரிந்தால் மலை ரயிலை ரத்து செய்துவிடுவார்கள். அன்று மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ்ஸில் ஏறுவது என்று முன்பே பேசி வைத்திருக்க வேண்டும். திரும்பும்போது மலை ரயில் பிற்பகல் 2 மணி அளவில் ஊட்டியில் கிளம்பி மாலையில் கீழே சேர்கிறது. நீலகிரி எக்ஸ்பிரஸ் இரவில்தான். இடையில் உள்ள சில மணி நேரத்தில் சீக்கிரம் வரும் பழக்கக்காரர் பிளாட்பாரத்தில் பெட்டிகளோடு நிம்மதியாக உட்கார்ந்திருக்கலாம். மற்றவர் மேட்டுப்பாளையம் கடைத்தெருவைச் சுற்றிவிட்டு வரலாம்.