சிங்க் ஓரத்தில் எதைப் பூசுவது?

கல்மேடையும் சமையலறை சிங்க்கும் சந்திக்கிற கோட்டில் வெள்ளை சிமென்ட்டைப் பூசிவிட்டுப் போவது கொத்தனார்களின் பழக்கம். பூசிய அன்று பளிச்சென்று இருக்கும். கொஞ்ச நாளில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல் ஓடும், பிறகு அந்த விரிசல் கறுக்கும். இதில் சிமென்ட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. பாத்திரங்களும் தண்ணீரும் நிறைந்தால் ஸ்டீல் சிங்க் சற்றே தாழும், சுடுகஞ்சியை ஊற்றினால் விரியும். கல் அசையாது. இந்த அசைவுக்கு இழுபடத் தெரியாத எதுவும் அங்கே நிற்காது. குளியலறையில் சுவரும் தரையும் சேரும் மூலைக்கும் இதே கதைதான்.

இழுபடும் பொருள் கேட்டு ஹார்டுவேர் கடைக்குப் போனால், ஒரே உருவத்தில் இரண்டு டியூப்கள் இருக்கும். விலை குறைந்தது அக்ரிலிக். அது தண்ணீரில் கலந்த பசை. தண்ணீர் ஆவியாகப் போனதும் இறுகும், போன அளவுக்குச் சுருங்கவும் செய்யும். கையில் பட்டால் குழாயடியில் கழுவிவிடலாம், மேலே பெயின்ட் அடிக்கலாம். அறைக்குள் கதவு நிலைக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடுக்குக்கு அதைவிடத் தோதானது இல்லை. ஆனால் நாள் முழுக்க ஈரம் நிற்கிற சிங்க் ஓரத்தில் அது மறுபடி இளகி, பிடிப்பை விடும். ‘சிலிக்கனைஸ்டு’ என்று பெரிய எழுத்தில் போட்ட டியூப்களைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் நிறைய. அவையும் அக்ரிலிக்தான், கொஞ்சம் சிலிக்கான் கலந்திருக்கும், அவ்வளவே.

ஆகவே தண்ணீர் புழங்கும் இடத்துக்கு முழு சிலிக்கான். அதிலும் இரண்டு வகை. ஒன்று இறுகும்போது வினிகர் வாடை அடிக்கும். அதிலிருந்து அசிட்டிக் அமிலம் வெளிவருவதுதான் காரணம். கண்ணாடிக்கும் பளபளப்பான டைல்ஸுக்கும் அது நன்றாகவே ஒட்டும், விலையும் குறைவு. ஆனால் மார்பிளும் கடப்பாக் கல்லும் சுண்ணாம்பு வகைக் கற்கள். அமிலம் பட்டால் மேற்பரப்பு அரிபட்டு, பிடிப்பும் போய்விடும். சிமென்ட்டுக்கும் பித்தளைக்கும் கூட அது ஆகாது. கிரானைட் அமிலத்துக்கு அஞ்சாது என்றாலும், மட்டமான சிலிக்கானிலிருந்து கசியும் எண்ணெயை உறிஞ்சி ஓரத்தில் கருங்கறை காட்டக்கூடும். கல்மேடை எதுவானாலும் ‘நியூட்ரல்’ என்றும், இயற்கைக் கல்லுக்கு ஏற்றது என்றும் அச்சிட்ட டியூப்பைக் கேட்டு வாங்குவதே நல்லது. வினிகர் வாடை வராது, கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும்.

இனி பூஞ்சை. சிலிக்கான் பூஞ்சைக்கு உணவு அல்ல. அதன் மேல் படியும் சோப்பும் எண்ணெய்ப் பிசுக்குமே உணவு. ‘சானிட்டரி’ அல்லது ‘ஆன்ட்டி-ஃபங்கல்’ என்று விற்கும் வகையில் பூஞ்சைக்கொல்லி மருந்து கலந்திருக்கும். குளியலறைக்கு அதைத்தான் வாங்க வேண்டும். ஆனாலும் அந்த மருந்து தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து தீர்ந்துபோகும். ஜன்னலைச் சாத்தியே வைத்து, ஓரத்தைத் துடைக்காமலும் விட்டால் எந்த டியூப்பும் நெடுநாள் தாங்காது. மீன் தொட்டிக்கு மட்டும் இந்த மருந்து கலந்த வகை கூடாது.

கருப்பு வந்துவிட்டதா? பிளீச்சிங் கரைசலில் நனைத்த துணியை அதன் மேல் சற்று நேரம் போட்டு வைத்துக் கழுவுங்கள். கழிவறை ஆசிட்டை இதோடு சேர்த்துவிடாதீர்கள், நச்சுவாயு கிளம்பும். கறை போனால் அது மேலோடு வளர்ந்தது. போகாவிட்டால் பூஞ்சை உள்ளே இறங்கிவிட்டது அல்லது பின்னாலிருந்து ஈரம் ஏறுகிறது; மொத்தத்தையும் அறுத்து எடுப்பதைத் தவிர வழியில்லை. பழசின் மேலேயே புதிதைப் பூசுகிறவர்கள் காசை வீணாக்குகிறார்கள். இறுகிய சிலிக்கானில் புது சிலிக்கான் சரியாகப் பிடிக்காது.

24-க்கு 18 அங்குல சிங்க்கை எடுத்துக்கொள்வோம். சுற்றளவு 7 அடி, ஒரு டியூப்பே மிஞ்சும். பழைய சிமென்ட்டையும் பசையையும் பிளேடால் சுரண்டி, ஸ்பிரிட்டால் துடைத்து, ஒரு நாள் குழாயைத் திறக்காமல் காயவிட வேண்டும். பாதி வேலை இதுதான், ஆட்கள் தாண்டிப்போவதும் இதைத்தான். இடுக்கின் இருபுறமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, டியூப் மூக்கைச் சாய்வாக வெட்டி, கன்னை நிறுத்தாமல் இழுத்து நிரப்புங்கள். பத்து நிமிடத்துக்குள் மேலே தோல் கட்டத் தொடங்கிவிடும். அதற்குள் சோப்புத் தண்ணீர் தொட்ட விரலால் ஒரே இழுப்பில் வழித்துவிட்டு, ஈரமாக இருக்கும்போதே டேப்பை உரிக்க வேண்டும். குளியல் தொட்டி என்றால் முதலில் அதில் தண்ணீர் நிரப்பிக்கொள்ளுங்கள். பாரத்தில் இடுக்கு விரிந்த நிலையில் பூசினால்தான் பிறகு குளிக்கும்போது கிழியாது. இறுகும்வரை தண்ணீரும் அப்படியே நிற்கட்டும்.

சிலிக்கான் காற்றிலுள்ள ஈரத்தை எடுத்து மேலிருந்து உள்ளே இறுகுவது. ஒரு நாளில் 2 முதல் 3 மில்லிமீட்டர் ஆழம்தான் ஆகும். தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக அன்று மாலையே பாத்திரம் தேய்க்கக் கூடாது. வாங்கும்போது காலாவதித் தேதியைப் பாருங்கள். வீட்டில் கிடந்த பழைய டியூப் என்றால் ஒரு காகிதத்தில் கொஞ்சம் பிதுக்கி வையுங்கள். மறுநாளும் பிசுபிசுவென்றே இருந்தால் அது இனி இறுகாது, தூக்கிப் போட்டுவிடுங்கள்.