கார்வையைத் தேய்க்கும் மைக்

என் மகள் மடிக்கணினி முன் உட்கார்ந்து வாரம் இரண்டு நாள் பாட்டு கற்கிறாள். டீச்சர் இருப்பது வேறு ஊரில். ஒருநாள் மேல் ஷட்ஜத்தில் கார்வை கொடுக்கச் சொன்னார். அவள் நின்றாள். நான்கு எண்ணுவதற்குள் டீச்சர் நிறுத்திவிட்டார்.

"ஏம்மா, போகப் போகக் குரல் தேயுதே? மூச்சை இன்னும் அடக்கிப் பாடு."

"நான் குறைக்கலையே டீச்சர்."

அறைக்குள் இருந்த எனக்குத் தெரியும், அவள் குறைக்கவில்லை. மூன்று வாரம் இதற்காகத் தொண்டையை வருத்திக்கொண்டாள். குரலைத் தேய்த்தது ஆட்டோமேட்டிக் கெயின் கன்ட்ரோல் என்ற வசதி. மைக்கில் வரும் ஒலியை எத்தனை மடங்கு பெருக்குவது என்பதுதான் கெயின். நம்மைக் கேட்காமலேயே அதைக் கூட்டிக் குறைப்பது இந்த வசதியின் வேலை.

இதன் மூதாதை வானொலிப் பெட்டியில் பிறந்தது. பக்கத்து நிலையம் இரையும், தூரத்து நிலையம் மங்கி மங்கி வரும். இரண்டையும் ஒரே அளவில் கேட்க வைக்க ஹரால்ட் வீலர் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1925இல் ஒரு சுற்றை வடிவமைத்தார். அங்கே ஏற்ற இறக்கம் வானத்தின் கோளாறு. அதைச் சமன்செய்தது நல்லதே. பாட்டில் ஏற்ற இறக்கம் பாடுபவர் வேண்டுமென்றே செய்வது. கருவிக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

அது நடந்துகொள்ளும் விதம் இதுதான். பலத்த ஒலி வந்தால் சட்டென்று கெயினைக் குறைக்கும். ஒலி அடங்கினால் மெதுவாக ஏற்றும். மகள் மேல் ஷட்ஜத்தில் நிற்கும்போது, 'இது அதிகம்' என்று கீழே தள்ளியது. அவள் மூச்சு வாங்க நிறுத்தினால், 'யாரோ மெல்லப் பேசுகிறார்கள்' என்று மேலே ஏற்றியது. அந்த இடைவெளியில் இருப்பது மின்விசிறி இரைச்சல் மட்டுமே. கெயின் 20 டெசிபெல் ஏறினால் அலையின் வீச்சு 10 மடங்காகும். எங்கள் அறையில் காதில் விழாத விசிறி, டீச்சர் அறையில் இரைந்தது அதனால்தான். அடுத்த வரியின் முதல் எழுத்து அந்த ஏற்றிய கெயினிலேயே பாய்ந்து வந்து வெடிக்கும்; பிறகு மறுபடி அமுங்கும்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. கணினியின் ஒலி அமைப்பில் மைக் அளவைக் கூட்டிக் குறைக்கும் பட்டையைத் திறந்துவைத்து, அழைப்பில் உரக்க ஒன்று முதல் பத்துவரை எண்ணுங்கள். பிறகு பத்து நொடி பேசாமல் இருங்கள். பட்டை தானாக நகர்ந்தால் ஆள் அகப்பட்டுவிட்டார். நகராவிட்டாலும் விடுபட்டதாக அர்த்தமில்லை. செயலிக்குள்ளேயே பெருக்கல் நடக்கலாம். ஆகவே மறுமுனையில் இருப்பவரிடம், அந்தப் பத்து நொடியில் விசிறிச் சத்தம் மெல்ல வீங்கியதா என்று கேளுங்கள். வீங்கினால் கெயின் கன்ட்ரோல். சொல்லின் முனைகள் அறுந்து, சுருதிப் பெட்டி திடீரென்று காணாமல் போனால், அது இரைச்சல் நீக்கும் வசதியின் வேலை; அதை வேறாக அணைக்க வேண்டும்.

ஜூமில் ஒலி அமைப்புக்குள் 'Automatically adjust microphone volume' என்ற கட்டத்தில் உள்ள டிக்கை எடுத்துவிட வேண்டும். டிஸ்கார்டில் 'Automatic Gain Control' என்றே பெயர் இருக்கும். பாட்டுக்கென்றே ஜூமில் 'Original sound for musicians' என்ற வசதியும் உண்டு. அது இரைச்சல் நீக்கத்தையும் விலக்கிவிடும். அதில் எதிரொலி நீக்கத்தையும் அணைத்தால் ஹெட்போன் கட்டாயம்.

அணைத்ததும் பலர் தவறுவது ஒரு இடத்தில். கருவி கடைசியாக விட்டுப்போன இடத்திலேயே மைக் பட்டை நின்றிருக்கும். அதை நாமே வைக்க வேண்டும். மைக்கை வாயிலிருந்து ஒரு முழ தூரத்தில் வைத்து, பாட்டின் மிக உரத்த இடத்தைப் பாடச் சொல்லுங்கள். அளவுமானி முக்கால் பங்குக்கு மேல் போகாதபடி பட்டையை நிறுத்துங்கள். மந்தர ஸ்தாயி கொஞ்சம் மெல்லத்தான் கேட்கும். கேட்கட்டும், அது அப்படித்தான் இருக்க வேண்டும். உரத்த இடம் உச்சியில் மோதி நசுங்கினால் பிறகு எந்தக் கருவியாலும் மீட்க முடியாது.

எல்லாருக்கும் அணைக்கச் சொல்ல மாட்டேன். ஒரே மைக்கைச் சுற்றி ஐந்து பேர் உட்கார்ந்து பேசும் கூட்டத்திலும், நடந்துகொண்டே பேசும் தாத்தாவுக்கும் அது இருக்கட்டும். வாய்க்கும் மைக்குக்கும் தூரம் மாறும் இடத்தில் அது உதவி. தூரம் மாறாமல் குரல் மட்டும் மாறும் இடத்தில், அதாவது பாட்டு, வயலின், நாடக ஒத்திகை, கதை வாசிப்பு போன்றவற்றில், உபத்திரவம்.

இணையவழியில் சொல்லித்தரும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கார்வை தேய்கிறது என்று குழந்தையைத் திருத்துமுன், பக்கத்தில் இருக்கும் பெரியவரிடம் 'அங்கே குரல் குறைந்ததா?' என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள்.