ஒளிப்படக் காப்புச் செயலி பாதியில் நிற்பது ஏன்?

கூகுள் போட்டோஸ் போன்ற செயலிகள், கைப்பேசியில் உள்ள படங்களின் நகலை இணையக் கணக்கில் சேமிக்கின்றன. இதுவே காப்பு எனப்படுகிறது. சில வேளைகளில் இப்பணி “Waiting for Wi-Fi” அல்லது “Preparing backup” என்ற அறிவிப்புடன் மணிக்கணக்கில் நின்றுவிடும். பெரும்பாலும் இது பழுதன்று. செயலி ஏதோ ஒரு நிபந்தனைக்காகக் காத்திருக்கிறது.

ஒரு மாணவரின் கைப்பேசியில் 400 படங்களும் 1 ஜிபி அளவுள்ள ஒரு காணொளியும் இருப்பதாகக் கொள்வோம். நண்பரின் ஹாட்ஸ்பாட்டில் அவர் இணைந்துள்ளார். திரையில் வைஃபை குறி தெரிகிறது. ஆயினும் “Waiting for Wi-Fi” என்றே வருகிறது. காரணம், ஹாட்ஸ்பாட் வழியாக வரும் இணைப்பை ஆண்ட்ராய்டு பெரும்பாலும் அளவுக்குட்பட்ட இணைப்பாகவே கருதும். கைப்பேசியின் வைஃபை அமைப்பில் அந்த இணைப்பைத் தொட்டு, “Treat as unmetered” என்பதைத் தேர்ந்தால் காப்பு தொடங்கும். ஆனால் படம் ஒன்றுக்கு 3 எம்பி என்றால் 400 படங்களுக்கு 1.2 ஜிபி, காணொளியோடு 2.2 ஜிபி. நாளுக்கு 1.5 ஜிபி தரும் திட்டமானால் நண்பரின் டேட்டா பாதியிலேயே தீர்ந்துவிடும். எனவே வீட்டு வைஃபை கிடைக்கும்வரை பொறுப்பதே நன்று.

வீட்டு வைஃபையிலும் வேலை நகரவில்லை எனில் பேட்டரி சேமிப்பு நிலையைப் பார்க்க வேண்டும். அது இயங்கும்போது, திரையில் இல்லாத செயலிகளின் வேலையைக் கைப்பேசி தள்ளிவைக்கும். செயலியைத் திறந்தால் காப்பு நகர்ந்து, மூடியதும் நிற்குமானால் காரணம் இதுவே எனலாம். சேமிப்பு நிலையை நிறுத்திவிட்டு, சார்ஜரில் இணைத்து, செயலியைத் திறந்து வைத்தால் போதும். அடிக்கடி நேர்ந்தால், அச்செயலியின் பேட்டரி அமைப்பில் “Unrestricted” என்பதைத் தேர்வு செய்யலாம்.

மூன்றாவது காரணம் பதிவேற்ற வரிசை. “Preparing backup” என்னும்போது, எவை ஏற்கெனவே கணக்கில் உள்ளன என்று செயலி சரிபார்த்து, மற்றவற்றை அனுப்ப ஆயத்தம் செய்கிறது. பிறகு பெரிய காணொளி ஒன்று அனுப்பப்படும்போது, மீதமுள்ள படங்களின் எண்ணிக்கை நெடுநேரம் மாறாமல் இருக்கலாம். 1 ஜிபி என்பது ஏறத்தாழ 8,000 மெகாபிட். பதிவேற்ற வேகம் நொடிக்கு 2 மெகாபிட் எனில் அந்த ஒரு காணொளிக்கே 4,000 நொடிகள், அதாவது ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகும். பதிவிறக்க வேகம் அதிகமாக இருப்பது இதற்கு உதவாது.

இவ்வாறு காத்திருக்கும் படங்கள் கைப்பேசியில் மட்டுமே உள்ளன. அப்போது இடம் போதவில்லையென்று அவற்றை அழித்தால் இணையத்தில் நகல் இருக்காது. ஆகவே அழிக்கும் முன், வேறொரு கணினியில் அதே கணக்கில் நுழைந்து, photos.google.com பக்கத்தில் அப்படங்கள் தெரிகின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.