பத்து நாள், எந்த நாளிலிருந்து?

கம்பெனி கொடுத்த கிரெடிட் கார்டை வைத்திருப்பவர்களுக்கு அக்கவுண்ட்ஸ் பிரிவிலிருந்து அவ்வப்போது ஒரு மெயில் வரும். பெரும்பாலும் இப்படி இருக்கும்: “கார்டு செலவுகளுக்கான ரசீதுகளை உரிய காலத்தில் சமர்ப்பிக்க வேண்டும். சொந்தச் செலவுகளுக்குப் பயன்படுத்துவது கண்டிப்பாகத் தடை செய்யப்பட்டுள்ளது. மீறுவோர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்படும்.”

இதில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் படித்து முடித்தவருக்கு இன்று என்ன செய்ய வேண்டும் என்று தெரியாது. மெயிலைச் செம்மைப்படுத்துவது என்றால் முதலில் அந்தக் குறையைத்தான் சரிசெய்ய வேண்டும்.

சென்னை நிறுவனம் ஒன்றின் விற்பனை அதிகாரியை எடுத்துக்கொள்வோம். மதுரையில் ஒரு ஹோட்டலில் இரண்டு இரவு தங்கி, ஜூன் 12 அன்று அறையைக் காலி செய்கிறார். ஓர் இரவுக்கு 8,000 ரூபாய் வாடகை, 18 சதவீத ஜிஎஸ்டி. மொத்தம் 18,880 ரூபாய். அதில் வரி மட்டும் 2,880. பில்லில் நிறுவனத்தின் ஜிஎஸ்டி எண் இருந்தால், தன் வரிக்கணக்கில் இந்தத் தொகையைக் கழித்துக்கொள்ள நிறுவனத்துக்கு வழி உண்டு. இவரோ தன் பெயரில் பில் வாங்கிவிட்டார்.

பத்து நாளுக்குள், அதாவது ஜூன் 22க்குள், அந்த பில் அக்கவுண்ட்ஸ் மேசைக்கு வந்தால் பிழை கண்ணில் படும். மாதாமாதம் தாக்கல் செய்யும் ஹோட்டல், ஜூன் மாத விற்பனைக் கணக்கை ஜூலை 11க்குள் கொடுக்க வேண்டும். அதற்கு முன் கேட்டால் பில்லைத் திருத்தி வாங்குவது எளிது. ஜூலை பாதியில் வந்து சேர்ந்தாலும் திருத்தத்துக்குச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் ஹோட்டல்காரர் முடித்துவிட்ட கணக்கை மறுபடி திறக்க வேண்டும். அதற்குள் எத்தனை போன், எத்தனை மெயில்!

இந்தக் காரணத்தை ஒரே வரியில் சொல்லிவிட்டால் பத்து நாள் கெடு அதிகாரமாகத் தோன்றாது. “உரிய காலம்” என்பதற்குப் பதிலாக “மாத இறுதிக்குள்” என்று எழுதுவதும் போதாது. 3ஆம் தேதி செலவு செய்தவருக்கு நான்கு வாரம் கிடைக்கிறது. 29ஆம் தேதி செலவு செய்தவருக்கு ஒரு நாள்தான். எந்த நாளிலிருந்து எண்ணுவது, விடுமுறை நாள் சேருமா என்பதை எழுதியே ஆக வேண்டும்.

எது ரசீது என்பதும் அப்படித்தான். ஸ்வைப் மெஷின் தரும் சீட்டில் தொகை இருக்கும்; எதற்காகச் செலவு என்பது இருக்காது. அந்தத் தாள் சில மாதங்களில் மங்கியும் போகும்.

சொந்தச் செலவு பற்றிய வரிதான் அதிகக் கவனம் கேட்கிறது. கார்டைத் தெரிந்தே தவறாகப் பயன்படுத்துபவரும் இருக்கிறார்கள்தான். ஆனால் டாக்ஸி ஆப்பில் சேமித்து வைத்த கம்பெனி கார்டிலிருந்து ஞாயிற்றுக்கிழமைப் பயணத்துக்குப் பணம் போய்விடுவதும் நடக்கிறது. உடன் வந்த குடும்பத்தின் சாப்பாடு ஹோட்டல் பில்லிலேயே சேர்ந்துவிடுகிறது. இவர்களிடம் எடுத்த எடுப்பில் “ஒழுங்கு நடவடிக்கை” என்றால் வாய் திறக்க மாட்டார்கள். சொல்லாமல் விட்ட தொகை அலுவலகச் செலவாகவே கணக்கில் ஏறும். அது ஊழியருக்கும் நல்லதல்ல. அலுவலகத்துக்காகவே செய்த செலவு என்பதற்குத் தேதி, தன்மை முதலிய விவரங்கள் இல்லையென்றால், வருமான வரி விதிகள்படி அந்தத் தொகை அவர் பெற்ற சலுகையாகக் கருதப்பட்டு வரிக்கு உட்படலாம்.

ஆகவே தவறி நேர்ந்ததற்கு ஒரு வழியும், தெரிந்து செய்ததற்கு ஒரு வழியும் தனித்தனியாக இருக்க வேண்டும். திருத்திய மெயில் இது:

“கார்டில் செலவு செய்த நாளிலிருந்து, விடுமுறை உட்பட 10 நாளுக்குள் பில்லை அனுப்புங்கள். ஹோட்டல் என்றால் அறையைக் காலி செய்த நாளிலிருந்து எண்ணுங்கள். தாமதமானால் பில்லில் உள்ள பிழையைத் திருத்தி வாங்குவது கடினம். நிறுவனத்தின் பெயரும் ஜிஎஸ்டி எண்ணும் உள்ள பில் வேண்டும். ஸ்வைப் சீட்டு மட்டும் போதாது. பில் தொலைந்திருந்தால் கடையில் நகல் கேளுங்கள். கிடைக்காவிட்டால் கெடுவுக்குள் எங்களிடம் சொல்லுங்கள்.

சொந்தச் செலவு தவறிப்போய்க் கார்டில் ஏறிவிட்டால், தெரிந்த 2 வேலை நாளுக்குள் எங்களுக்கு எழுதி, தொகையை நிறுவனக் கணக்கில் கட்டிவிடுங்கள். நீங்களே சொன்னால் அதை விதிமீறலாகக் கொள்ள மாட்டோம். தெரிந்தே பயன்படுத்தினாலோ மறைத்தாலோ கார்டு நிறுத்தப்படும்.”

அனுப்புமுன் நிறுவனத்தின் மூல விதியோடு இதை வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். விதியில் 7 நாள் என்றிருந்தால் மெயிலிலும் 7 நாள்தான். தானே முன்வந்து சொல்பவரை மன்னிக்கும் சலுகை விதியில் இல்லையென்றால், மேலிடத்தில் ஒப்புதல் வாங்காமல் அந்த வரியைச் சேர்க்கக் கூடாது.