கட்டிலில் இருப்பவர் போனுக்கு வரும் ஓ.டி.பி.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. கணக்கெழுதும் பெண்ணுக்குக் கருப்பை அகற்றும் ஆபரேஷன். ஆறு வாரம் ஓய்வு, அதாவது 42 நாள். மாதச் சம்பளம் 18,000 ரூபாய் என்பதால் ஈ.எஸ்.ஐ. உண்டு. உதாரணத்துக்காகச் சொல்லும் ஆள்தான். ஆனால் ஊரில் இப்படிப் பலர் இருக்கிறார்கள்.

சந்தா நிபந்தனையை நிறைவு செய்தவருக்கு நோய்க்காலத்தில் ஈ.எஸ்.ஐ. சராசரி நாள் சம்பளத்தில் 70 சதவீதம் தருகிறது. வருடத்துக்கு 91 நாள் வரை. இவருடைய நாள் சம்பளம் 600 என்றால் கிடைப்பது 420. முதல் இரண்டு நாள் காத்திருப்புக் காலம், அதற்குப் பணம் கிடையாது. மீதி 40 நாளுக்கு 16,800 ரூபாய்.

இந்தப் பணத்துக்கு ஆதாரம் டாக்டர் சான்றிதழ். தனியார் மருத்துவமனையில் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் அங்கே தரும் சீட்டே போதும் என்று இருந்துவிடுகிறார்கள். அந்த டிஸ்சார்ஜ் சம்மரியை ஈ.எஸ்.ஐ. மருந்தக டாக்டரிடம் தாமதிக்காமல் காட்ட வேண்டும். முதல் சான்றிதழ், நடுவில் தொடர் சான்றிதழ்கள், கடைசியில் வேலைக்குத் தகுதி என்ற சான்றிதழ் என்று அது சங்கிலியாகப் போகும். நடுவில் ஒரு வாரம் விட்டுப்போனால் அந்த வாரத்துக்கான பணம் சிக்கலாகும். நடக்க முடியாத நாளில் யார் கூட்டிப்போவது என்பதை வீட்டில் முன்பே பேசி வைப்பது நல்லது.

பலரும் கவனிக்காத விதி இன்னொன்று உண்டு. வேலை பார்த்த நாளுக்கும், சம்பளத்தோடு விடுப்பு எடுத்த நாளுக்கும் இந்தப் பணம் கிடையாது. ஆகவே பதில் ஆள் ஏற்பாட்டைக் கம்பெனியின் தலைவலி என்று விட்டுவிட முடியாது. படுத்தபடியே லேப்டாப்பில் சம்பளப் பட்டியல் போட்டு, வருகைப் பதிவேட்டில் அது ஏறிவிட்டால், சான்றிதழ் ஒன்று சொல்லும், பதிவேடு வேறொன்று சொல்லும்.

வேலையை மாற்றிவிடும்போது தேதியோடு எழுதிக் கொடுப்பதுதான் பயன்படும். 11ஆம் தேதி ஜி.எஸ்.டி. விற்பனைக் கணக்கு, 15க்குள் பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. சந்தா, 20க்குள் ஜி.எஸ்.டி. வரிக் கணக்கு. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் ஆள் பெயர். இத்தனையும் எழுதிவிட்டு எல்லாரும் மறப்பது ஓ.டி.பி.யை! சிறிய கம்பெனிகளில் கணக்காளரின் சொந்த எண்ணையே தளங்களில் பதிந்து வைத்திருப்பார்கள். ஆபரேஷனுக்கு முந்தைய வாரமே அதை முதலாளியின் எண்ணுக்கு மாற்றிவிட்டு, பதில் ஆளை ஒருமுறை உள்ளே போய்வரச் செய்து பார்த்துவிட வேண்டும்.

விடுப்புக் கடிதம் நீள வேண்டாம். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, யார் எந்த வேலையைப் பார்ப்பார், சான்றிதழ் எப்போது வரும் என்பது போதும். ஆபரேஷன் எதற்கு என்ற விவரத்தை அதில் எழுத வேண்டியதில்லை. கடிதம் வாங்கிக்கொண்டதற்குத் தேதியோடு ஒரு கையெழுத்து மட்டும் நகலில் வாங்கிவிடுங்கள். வாட்ஸாப்பில் ‘சரிம்மா’ என்று வந்த பதிலை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.