ஆய்வேட்டை மூன்று நிமிடத்தில் சொல்லுதல்

2008ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகம் 'மூன்று நிமிட ஆய்வேடு' என்னும் போட்டியைத் தொடங்கியது. வறட்சிக் காலத்தில் மூன்று நிமிடத்திற்குள் குளித்து முடிக்க மக்கள் பயன்படுத்திய மணற்கடிகாரமே அதற்குத் தூண்டுதல் என்பர். அசையாத படவில்லை ஒன்றே காட்டலாம். மூன்று நிமிடத்தைக் கடந்தவர் போட்டியிலிருந்து நீக்கப்படுவார்.

வாய்மொழித் தேர்வுக்கென முப்பது படவில்லைகள் அணியமாக்கிய மாணவர், ஒவ்வொன்றையும் ஒரு வரியாகச் சுருக்கினால் போதும் என்று கருதுவதுண்டு. அது தவறு. தேர்வாளர் கேட்பது, "இம்முடிவை எவ்வாறு அடைந்தீர்?" என்பது. பொதுமக்கள் கேட்பது, "என்ன கண்டீர்? அதனால் என்ன?" என்பது. கேள்வி மாறும்போது வரிசையும் மாற வேண்டும்.

எடுத்துக்காட்டாக ஓர் ஆய்வைக் கற்பனை செய்வோம். சுங்கை சிப்புட் வட்டாரப் பழைய ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த முதியோர் இருபது பேரிடம் ஒரு மாணவி தோட்டச் சொற்களைத் திரட்டுகிறார். அவருடைய படவில்லைகள் முன்னாய்வுகள், கருதுகோள், நேர்காணல் முறை, அட்டவணைகள், முடிவு என அமைந்துள்ளன. உரையோ முடிவிலிருந்து தொடங்க வேண்டும்:

"விடியற்காலை ஐந்து மணி. பெரட்டுக் களத்தில் கங்காணி பெயர் கூப்பிடுகிறார். இன்று அந்தக் களம் செம்பனைக் காடு. ஈப்போவில் வளரும் பேரனிடம் 'பெரட்டு' என்றால், அது என்ன என்று கேட்கிறான்."

கண்டறிந்தது இங்கேயே விளங்கிவிடுகிறது. இதற்கு முக்கால் நிமிடம் போதும். அடுத்த முக்கால் நிமிடத்தில் முறையைச் சொல்ல ஒரு வாக்கியமும், சான்றாக இரண்டு சொற்களும் இடம்பெறலாம்: பால் சேர்க்கும் 'மங்கு', குடியிருப்பான 'லயம்'. எஞ்சிய ஒன்றரை நிமிடம், வேலை மறைந்தால் சொல் ஏன் மறைகிறது என்னும் விளக்கத்திற்கும், இதனால் பள்ளிக்கும் குடும்பத்திற்கும் என்ன பயன் என்பதற்கும் உரியது. முன்னாய்வுகளும் அட்டவணைகளும் முற்றாக நீங்கும். படவில்லையில் ஒரு மங்கின் படம் மட்டும் இருந்தால் போதும்.

தமிழ்ச் சொற்கள் நீளமானவை. நிதானமாகப் பேசினால் ஏறத்தாழ 250 சொற்களே மூன்று நிமிடத்தில் அடங்கும். எழுதியதை உரக்கப் படித்து நேரம் பார்த்தல் வேண்டும். நேரம் மிஞ்சினால் விரைந்து பேசுதல் தீர்வன்று. ஒரு கருத்தையே விலக்க வேண்டும். துறை அறியாத ஒருவரிடம் படித்துக்காட்டி, கேட்டதை ஒரு வாக்கியத்தில் திருப்பிச் சொல்லச் செய்வதே சிறந்த சோதனை. அவர் வேறு எதையோ சொன்னால், பிழை உரையில் உள்ளது.

ஓர் எல்லையும் உண்டு. இருபது பேரிடம் கேட்டதை 'பேராக் முழுவதும்' என்று சொல்வது சுருக்கம் ஆகாது, அது பொய். சொற்களைக் குறைக்கலாம், "நாங்கள் சந்தித்த இருபது பேரிடம்" என்னும் தொடரை மட்டும் குறைக்கலாகாது.