மொட்டை மாடியில் சூரிய மின்சாரம்: போட்ட பணம் எப்போது திரும்பும்?

வீட்டு மாடியில் சூரிய மின் பேனல் அமைக்கும்போது, அதற்குச் செலவிட்ட பணம் எத்தனை ஆண்டுகளில் திரும்பும் என்பதைப் பேனலின் தரம் மட்டும் முடிவு செய்வதில்லை. அந்த வீட்டின் மின் கட்டண அட்டையில் இருக்கும் யூனிட் கணக்குதான் பெரும்பாலும் முடிவு செய்கிறது. தமிழ்நாட்டில் இந்த வேறுபாடு மிகத் தெளிவாகத் தெரியும். ஒரே அளவு பேனல் ஒரு வீட்டில் நான்கு ஆண்டுகளிலும் இன்னொரு வீட்டில் பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகும் முதலைத் திருப்பித் தரக்கூடும்.

முதலீடு எவ்வளவு?

தமிழ்நாட்டு வெயிலில் 1 கிலோவாட் பேனல் நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் வரை தரும். தூசி, மழைக்காலம், கோடை வெப்பத்தால் ஏற்படும் இழப்பு ஆகியவற்றைக் கழித்து, இரண்டு மாதத்துக்கு 220 யூனிட் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பான கணக்கு. இதற்கு நிழல் விழாத இடம் சுமார் 100 சதுர அடி வேண்டும்.

விலை ஊருக்கு ஊர், நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பேனல், இன்வெர்ட்டர், இரும்புச் சட்டகம், வயரிங், எர்த்திங், பொருத்தும் கூலி எல்லாம் சேர்த்து 1 கிலோவாட்டுக்கு 75,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 1,40,000, 3 கிலோவாட்டுக்கு 1,90,000 என்று இங்கே ஓர் உதாரண விலையாக எடுத்துக்கொள்ளலாம். இது பேட்டரி இல்லாத, மின்வாரிய இணைப்போடு சேர்ந்து இயங்கும் அமைப்புக்கான கணக்கு.

2024இல் தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் மத்திய அரசு மானியம் தருகிறது. முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாயும், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாயும் கிடைக்கும். அதற்கு மேல் எவ்வளவு அமைத்தாலும் மானியம் 78,000 ரூபாயைத் தாண்டாது. pmsuryaghar.gov.in தளத்தில் மின் இணைப்பு எண்ணோடு பதிவு செய்து, அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தின் மூலம் பேனல்களைப் பொருத்த வேண்டும். மின்வாரியம் ஆய்வு செய்து நெட் மீட்டர் வைத்த பிறகே மானியம் வங்கிக் கணக்குக்கு வரும். ஆகவே முழுத் தொகையையும் முதலில் கையிலிருந்தோ வங்கிக் கடனிலிருந்தோ செலுத்த வேண்டியிருக்கும்.

பணம் திரும்பும் கணக்கு

பகலில் வீட்டின் தேவைக்கு மேல் உற்பத்தியாகும் மின்சாரம் மின்வாரியக் கம்பிக்குப் போகிறது. இரவில் அங்கிருந்து வீட்டுக்கு வருகிறது. வந்ததையும் போனதையும் நெட் மீட்டர் பதிவு செய்கிறது. இரண்டையும் கழித்து மீதமுள்ள யூனிட்டுக்கு மட்டும் கட்டணம் வரும். இப்படிக் கழிக்கும்போது மேல் படியில் இருக்கும் விலை அதிகமான யூனிட்டுகள்தான் முதலில் நீங்கும்.

2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த வீட்டுக் கட்டணப்படி இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம். மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டுக்குள் இருந்தால் அடுத்த 100 யூனிட்டுக்கு 2.35 ரூபாய், 201 முதல் 400 வரை 4.70, 401 முதல் 500 வரை 6.30. பயன்பாடு 500ஐத் தாண்டிவிட்டால் 2.35 ரூபாய் சலுகை போய்விடும். 101 முதல் 400 வரை எல்லாமே 4.70 ஆகும். 501 முதல் 600 வரை 8.40, 601 முதல் 800 வரை 9.45.

இரண்டு மாதத்துக்கு 800 யூனிட் செலவாகும் வீட்டைப் பார்ப்போம். இரவில் ஏ.சி. ஓடும் பல வீடுகள் கோடையில் இந்த அளவை எட்டும். கட்டணம் 4,770 ரூபாய். 2 கிலோவாட் பேனல் 440 யூனிட் தந்தால் மீதி 360 யூனிட். கட்டணம் 987 ரூபாயாக இறங்கும். ஆண்டு முழுவதும் இதே பயன்பாடு இருந்தால் சுமார் 22,700 ரூபாய் மிச்சம். மானியம் போக முதலீடு 80,000 ரூபாய் என்பதால் மூன்றரை ஆண்டில் பணம் திரும்பிவிடும்.

அதே வீட்டில் 3 கிலோவாட் அமைத்தால் மீதி 140 யூனிட். கட்டணம் 94 ரூபாய். ஆண்டு மிச்சம் சுமார் 28,000, முதலீடு 1,12,000, திரும்பும் காலம் நான்கு ஆண்டு. மூன்றாவது கிலோவாட்டை மட்டும் தனியே பார்த்தால் வேறு விதமாக இருக்கும். அதற்குக் கூடுதலாகப் போடும் 32,000 ரூபாய், ஆண்டுக்கு 5,400 ரூபாய்தான் மிச்சப்படுத்துகிறது. அது திரும்ப ஆறு ஆண்டு ஆகும். முதல் இரண்டு கிலோவாட் 9.45, 8.40 ரூபாய் யூனிட்டுகளை நீக்கிவிட்டதால், மூன்றாவதுக்கு மலிவான யூனிட்டுகளே மிஞ்சுகின்றன.

400 யூனிட் செலவாகும் வீட்டுக்குக் கட்டணமே 1,175 ரூபாய்தான். 2 கிலோவாட் அமைத்து அதை முழுவதும் இல்லாமல் செய்தாலும் ஆண்டுக்கு 7,050 ரூபாய்தான் மிச்சம். 80,000 ரூபாய் திரும்பப் பதினொரு ஆண்டுக்கு மேல் ஆகும். 3 கிலோவாட் என்றால் பதினாறு ஆண்டு. ஆனால் 600 யூனிட் செலவாகும் வீட்டில் 1 கிலோவாட்டே 2,880 ரூபாய்க் கட்டணத்தை 1,081 ஆக்கிவிடும். மானியம் போக 45,000 ரூபாய் முதலீடு நான்கு ஆண்டைச் சற்றுத் தாண்டித் திரும்பும்.

ஆகவே அளவை முடிவு செய்யும் முன் கடந்த ஓராண்டின் ஆறு கட்டண ரசீதுகளையும் எடுத்து வைத்துக் கணக்கிட வேண்டும். ஒரு கோடைக்கால ரசீதை மட்டும் வைத்து அளவு சொல்லும் விற்பனையாளரின் கணக்கு பெரும்பாலும் தேவைக்கு மிஞ்சியதாகவே இருக்கும்.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை

பேனல்கள் தெற்கு நோக்கி, 10 முதல் 13 பாகை வரை சாய்ந்திருப்பது தமிழ்நாட்டுக்குப் பொருந்தும். தண்ணீர்த் தொட்டி, படிக்கட்டு அறை, தென்னை மரம் ஆகியவற்றின் நிழல் காலை ஒன்பது முதல் மாலை மூன்று மணி வரை பேனலில் விழக் கூடாது. பேனல்கள் வரிசையாக இணைக்கப்படுவதால் ஒரு பேனலில் விழும் நிழல் மற்றவற்றின் உற்பத்தியையும் குறைக்கக்கூடும். புயல் காற்று வீசும் கடலோர ஊர்களில் துத்தநாகப் பூச்சுள்ள வலுவான சட்டகமும் தளத்தில் உறுதியான பிடிமானமும் வேண்டும்.

மின்வெட்டு நேரத்தில் இந்த அமைப்பும் நின்றுவிடும் என்பதைப் பலர் பிறகே அறிகிறார்கள். கம்பியில் வேலை செய்யும் மின் ஊழியருக்கு அதிர்ச்சி ஏற்படாதிருக்க, வாரிய மின்சாரம் நின்றதும் இன்வெர்ட்டர் தானாக அணையும்படி செய்திருக்கிறார்கள். மின்வெட்டிலும் மின்சாரம் வேண்டும் என்றால் பேட்டரியோடு கூடிய அமைப்பு வேண்டும். அதன் செலவும் திரும்பும் காலமும் கூடும்.

பராமரிப்பு

மழையில்லாத மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பேனலைக் கழுவினால் போதும். காலையிலோ மாலையிலோ, பேனல் சூடில்லாத நேரத்தில், மென்மையான துணியால் துடைக்க வேண்டும். ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைக் கறை படியும். நல்ல தண்ணீர் நல்லது. காய்ந்த பறவை எச்சத்தை ஊறவைத்து எடுக்க வேண்டும். அது படிந்த இடம் மட்டும் சூடேறிச் செல் பழுதாகலாம்.

பழுதைக் கண்டுபிடிக்க எளிய வழி இன்வெர்ட்டரின் செயலியில் அன்றாட யூனிட்டைப் பார்ப்பது. வெயில் நன்றாக இருந்தும் 2 கிலோவாட் அமைப்பு நாளுக்கு 7 யூனிட்டுக்குப் பதில் 4 யூனிட் தந்தால் நிழல், அழுக்கு, தளர்ந்த இணைப்பு, எலி கடித்த வயர் ஆகியவற்றுள் ஒன்று காரணமாக இருக்கலாம். இணைப்புகளையும் எர்த்திங்கையும் ஆண்டுக்கு ஒருமுறை தொழில்நுட்பர் சோதிக்க வேண்டும். வெயில் இருக்கும்வரை பேனல் வயரில் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும் என்பதால் அதை வீட்டார் பிரித்துப் பார்க்கக் கூடாது.

பேனல்களுக்கு வழக்கமாக 25 ஆண்டு உற்பத்தி உத்தரவாதம் உண்டு; ஆண்டுதோறும் திறன் சிறிதளவு குறைந்துகொண்டு வரும். இன்வெர்ட்டர் அவ்வளவு காலம் உழைக்காது. பத்து ஆண்டையொட்டி அதை மாற்ற வேண்டியிருக்கும் என்று எதிர்பார்த்து, 30,000 ரூபாய் அளவில் ஒரு தொகையைக் கணக்கில் ஒதுக்க வேண்டும். 800 யூனிட் வீட்டுக்கு அது ஒன்றரை ஆண்டு மிச்சத்தில் அடங்கிவிடும். 400 யூனிட் வீட்டுக்கோ நான்கு ஆண்டு மிச்சத்துக்கும் மேல் ஆகும்.